திரையின் மூலையில் ஓடும் எண்கள்

ஆஞ்சியோபிளாஸ்டி நடக்கும் கேத் லேபில் எல்லோருடைய கண்ணும் பெரிய திரையில்தான் இருக்கும். மயிரிழை போன்ற ஒரு கம்பி, துடிக்கும் இதயத்தின் ரத்தக்குழாய்க்குள் வளைந்து நெளிந்து போகிறது. டாக்டர் காலால் பெடலை அழுத்தினால் படம் அசைகிறது, காலை எடுத்தால் கடைசிக் காட்சி அப்படியே உறைந்து நிற்கிறது. இதுதான் ஃப்ளூரோஸ்கோபி: எக்ஸ்ரேயை ஒற்றைப் படமாக எடுக்காமல் நேரலை வீடியோவாகக் காட்டும் முறை. அதே திரையின் மூலையில் சின்ன எழுத்தில் சில எண்கள் ஓடிக்கொண்டிருக்கும். டாக்டருக்கு அதைப் பார்க்க நேரமிருக்காது. மேசையில் படுத்திருப்பவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதைப் பார்ப்பதற்கென்றே அந்த அறையில் ஒருவர் இருக்கிறார். அவர் டெக்னாலஜிஸ்ட். அந்த வேலைக்குப் புதிதாக வருபவர் படத்தைப் படிக்கச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவார். எண்களைப் படிக்கக் கொஞ்சம் நாளாகும். ஒவ்வொரு எண்ணும் எதையோ அளக்கிறது என்றாலும், நாம் கேட்க நினைக்கும் கேள்விக்கு அதில் எதுவும் நேரடியாகப் பதில் சொல்லாது என்பதே காரணம்.

முதலில் படம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். நோயாளி படுக்கும் மேசைக்கு அடியில் எக்ஸ்ரே டியூப் இருக்கிறது, மார்புக்கு மேலே டிடெக்டர் என்ற தட்டை. இரண்டையும் ஒரு பெரிய வளைவு தாங்குகிறது, அதுதான் சி-ஆர்ம். கதிர் கீழிருந்து முதுகு வழியாக உள்ளே போய், உடலில் பெரும்பகுதி தேங்கிவிட, எஞ்சிய சிறு பங்கு மேலே உள்ள தட்டில் விழுந்து படமாகிறது. பெடலை அழுத்தியிருக்கும் நேரம் முழுவதும் கதிர் தொடர்ச்சியாகப் பாய்வதில்லை. விநாடிக்கு 15 அல்லது 7.5 முறை, ஒவ்வொரு முறையும் சில மில்லி விநாடிகள் மட்டும் துடிப்பாக வருகிறது. கண் அதைத் தொடர் அசைவாகச் சேர்த்துக்கொள்கிறது. 15 துடிப்பை 7.5 ஆக்கினால் டோஸ் ஏறக்குறைய பாதியாகும், படம் கொஞ்சம் வெட்டி வெட்டி ஓடுவது போலத் தெரியும். கம்பி போகும் வழியைப் பார்க்கப் பெரும்பாலும் அது போதும்.

இன்னொரு பெடலும் உண்டு. அதை அழுத்தினால் சினி. ரத்தக்குழாய்க்குள் டை செலுத்தும்போது, பிறகு நிதானமாகப் பார்க்கத் தெளிவான பதிவு வேண்டும் என்று எடுப்பது. ஒவ்வொரு பிரேமுக்கும் ஃப்ளூரோவைவிடப் பத்து மடங்கு வரை, சில சமயம் அதற்கு மேலும், கதிர் போகும். பெடல்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. காலுக்குத் தெரியாத இந்த வித்தியாசம் கணக்கில் பெரிதாக வந்து நிற்கும்.

இயந்திரத்தின் ஒரு நல்ல குணம்தான் இங்கே ஆபத்தும். படத்தின் வெளிச்சம் குறைந்தால் அது தானாகவே கதிரைக் கூட்டிக்கொள்ளும். ஒல்லியானவர் படுத்தாலும் நூறு கிலோ ஆள் படுத்தாலும், சி-ஆர்மை நேராக வைத்தாலும் சாய்த்து வைத்தாலும், திரையில் படம் ஒரே மாதிரி நன்றாகவே தெரியும். சாய்வு கூடும்போது கதிர் கடக்க வேண்டிய உடலின் தடிமன் கூடுகிறது, அதை ஈடுகட்ட டோஸ் இரண்டு மூன்று மடங்காக ஏறக்கூடும். படத்தைப் பார்த்து இதை யாராலும் சொல்ல முடியாது. சூடும் தெரியாது, வலியும் தெரியாது. அறிகுறி என்று இருப்பது மூலையில் ஓடும் எண் மட்டும்தான்.

அந்த எண் இல்லாத காலமும் இருந்தது. தாமஸ் எடிசன் 1896இல் கால்சியம் டங்ஸ்டேட் பூசிய திரை வைத்து ஃப்ளூரோஸ்கோப் செய்தார். அவருடைய உதவியாளர் கிளாரன்ஸ் டாலி தன் கைகளையே திரும்பத் திரும்ப கதிரில் காட்டி அதைச் சோதித்தார். கைகள் புண்ணாகி இரண்டையும் வெட்டியெடுக்க வேண்டியதாயிற்று. 1904இல் இறந்துபோனார். எடிசன் அதற்குப் பிறகு எக்ஸ்ரே பக்கமே போகவில்லை.

இன்றைய திரையில் முக்கியமாக மூன்று எண்கள் இருக்கும்: நேரம், டிஏபி, ஏர் கெர்மா. ஒரு சிகிச்சையை எடுத்துக்கொண்டு இவற்றைப் பார்ப்போம். இது உதாரணத்துக்காக நான் அமைத்த கணக்கு. ஆனால் இப்படிப்பட்ட எண்கள் கேத் லேபில் அபூர்வமல்ல.

92 கிலோ எடையுள்ள ஒருவருக்கு வலது இதயத் தமனி முழுமையாக அடைத்துக் கிடக்கிறது. பல மாதங்களாக இறுகிப்போன அடைப்பு, கம்பி எளிதில் நுழையாது. சிகிச்சை முடியும்போது திரை காட்டுவது: ஃப்ளூரோ நேரம் 52 நிமிடம், டிஏபி 290 கிரே சதுர சென்டிமீட்டர், ஏர் கெர்மா 4.2 கிரே.

"அக்கா, அம்பத்திரண்டு நிமிஷம்னு ரெஜிஸ்டர்ல எழுதிட்டேன். போதுமா?" என்று கேட்பாள் புதிதாக வந்த பெண்.

"அது பெடல் எவ்வளவு நேரம் அமுங்கியிருந்துச்சுன்னு சொல்லுதும்மா. முதுகுல எவ்வளவு விழுந்துச்சுன்னு சொல்லாது. மத்த ரெண்டையும் எழுது. எந்த ஆங்கிள்ல அதிக நேரம் இருந்தாங்கன்னும் எழுது."

அக்கா சொல்வதன் நியாயம் கணக்கில் தெரியும். இந்த நோயாளிக்கு ஃப்ளூரோவில் நிமிடத்துக்குச் சராசரியாக 45 மில்லிகிரே போனது என்று வைத்துக்கொண்டால் 52 நிமிடத்துக்கு சுமார் 2.3 கிரே. மீதி 1.9 கிரே எங்கிருந்து வந்தது? சினியிலிருந்து. ஒவ்வொன்றும் ஐந்து விநாடி வீதம் 40 முறை சினி எடுத்திருக்கிறார்கள். மொத்தம் 200 விநாடி, அதாவது மூன்றேகால் நிமிடத்துக்குச் சற்று அதிகம். ஏறக்குறைய ஒரு மணி நேர ஃப்ளூரோவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது அந்த மூன்று நிமிடம். ஃப்ளூரோ நேரம் என்ற எண்ணில் சினி சேர்வதே இல்லை. ஒல்லியான நோயாளிக்கு இதே 52 நிமிடம் இதில் மூன்றில் ஒரு பங்கு டோஸில் முடிந்திருக்கலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடிக்கும் பஸ்ஸர் நேரத்தை நம்பித்தான் அடிக்கிறது. பல இடங்களில் அதை நிறுத்துவது கையின் அனிச்சைச் செயலாகவே ஆகிவிட்டது.

இரண்டாவது எண் டிஏபி. கதிரின் அளவை அது விழும் பரப்பளவால் பெருக்கி வரும் தொகை. டியூபின் வாயிலேயே ஒரு மெல்லிய அளவி வைத்து இதை அளக்கிறார்கள், சில இயந்திரங்கள் கணக்கிட்டுக் காட்டுகின்றன. டியூபிலிருந்து எவ்வளவு தள்ளி அளந்தாலும் இந்தத் தொகை மாறாது என்பது இதன் விசேஷம். சுவரில் டார்ச் அடித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தால் வட்டம் பெரிதாகும், வெளிச்சம் மங்கும், ஆனால் விளக்கிலிருந்து வந்த மொத்த ஒளி அதேதான். அதுபோல டிஏபி, உடலுக்குள் மொத்தமாக எவ்வளவு ஆற்றல் போனது என்பதற்கு நல்ல குறியீடு. பிற்காலப் புற்றுநோய் வாய்ப்பைப் பற்றி யோசிப்பவர்களுக்கு இது பயன்படும். நோயாளியின் உடலிலிருந்து சிதறி ஊழியர் மேல் விழும் கதிரும் ஏறக்குறைய இதோடு சேர்ந்தே ஏறி இறங்கும்.

இதைக் குறிக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு கம்பெனி இயந்திரமும் ஒவ்வொரு அலகில் காட்டும். ஒன்றில் `Gy·cm²`, இன்னொன்றில் `mGy·cm²`, மற்றொன்றில் `µGy·m²`. நம் நோயாளியின் 290 என்ற எண்ணே மூன்றாவது வகைத் திரையில் 29000 என்று தெரியும். 1 `Gy·cm²` என்பது 100 `µGy·m²`. அலகை எழுதாமல் எண்ணை மட்டும் ரெஜிஸ்டரில் குறித்தால், ஆறு மாதம் கழித்து அதைப் பார்ப்பவருக்கு நூறு மடங்கு குழப்பம். இரண்டு கேத் லேப் உள்ள மருத்துவமனைகளில் இதை முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும்.

மூன்றாவது எண் ஏர் கெர்மா. தோலைப் பற்றிக் கவலைப்படுபவர் பார்க்க வேண்டியது இதை. சி-ஆர்ம் எதை மையமாக வைத்துச் சுழல்கிறதோ அந்தப் புள்ளியிலிருந்து டியூப் பக்கமாக 15 சென்டிமீட்டர் தள்ளி ஓர் இடத்தைக் கற்பனையாகக் குறித்து, அங்கே காற்றில் எவ்வளவு கதிர் சேர்ந்தது என்று இயந்திரம் கூட்டிக்கொண்டே வருகிறது. சராசரி உடம்பில் முதுகுத் தோல் ஏறத்தாழ அங்கேதான் இருக்கும் என்பதால் அந்த இடம். 'ஏறத்தாழ' என்பதில்தான் எல்லாச் சிக்கலும்.

இந்த இரண்டு எண்களையும் வைத்து ஒரு சோதனை செய்யலாம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை. டிஏபியை ஏர் கெர்மாவால் வகுத்தால் பரப்பளவு வரும். 290ஐ 4.2ஆல் வகுத்தால் 69 சதுர சென்டிமீட்டர். அதாவது அந்தக் கற்பனைப் புள்ளியில் கதிரின் சராசரி அகலம் எட்டேகால் சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரம். டிடெக்டரில் 20 சென்டிமீட்டர் சதுரம் முழுவதையும் திறந்து வைத்திருந்தால் இந்த விடை 120க்குப் பக்கத்தில் வந்திருக்கும். ஆக யாரோ கதிரைக் குறுக்கும் தகடுகளை, அதாவது கொலிமேட்டரை, ஒழுங்காகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். குறுக்கும்போது டிஏபி குறையும், ஏர் கெர்மா குறையாது என்பதையும் இங்கேயே மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கதிர் விழும் இடம் சிறிதாகிறது, விழும் இடத்தில் அடர்த்தி அப்படியே இருக்கிறது. டிஏபி குறைவாக இருக்கிறதே என்று தோலைப் பற்றி நிம்மதி அடைவது தவறாகிவிடும்.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே இந்த எண் பேச வேண்டும். அமெரிக்காவின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு மன்றமான என்சிஆர்பி தன் 168ஆவது அறிக்கையில் ஒரு நடைமுறை சொல்லியிருக்கிறது. பல நாடுகளில் கேத் லேபுகள் அதைப் பின்பற்றுகின்றன. ஏர் கெர்மா 3 கிரே தொட்டதும் டாக்டருக்கு முதல் அறிவிப்பு, பிறகு ஒவ்வொரு கிரே கூடும்போதும் ஒன்று. 5 கிரே தொட்டால் அந்த நோயாளியைப் பின்தொடர்ந்து கவனித்தாக வேண்டும். நம் சிகிச்சையில் 32ஆவது நிமிடத்தில் எண் 3ஐத் தொட்டது. கண்ட்ரோல் ரூமிலிருந்து மைக்கில் "சார், த்ரீ கிரே" என்ற இரண்டு வார்த்தை. டாக்டர் சிகிச்சையை நிறுத்தவில்லை, நிறுத்த வேண்டியதும் இல்லை. கம்பி பாதி வழியில் இருக்கிறது. ஆனால் 15 துடிப்பு 7.5 ஆனது. சில இடங்களில் சினி எடுக்காமல் ஃப்ளூரோ காட்சியையே சேமித்துக்கொண்டார்கள். மேசையைக் கொஞ்சம் உயர்த்தி டிடெக்டரை மார்பை ஒட்டி இறக்கினார்கள். முதல் 32 நிமிடத்தில் சினியும் சேர்த்து நிமிடத்துக்கு சராசரி 94 மில்லிகிரே ஏறியது, கடைசி 20 நிமிடத்தில் 60. இரண்டு வார்த்தை செய்த வேலை அது.

மேசை உயரத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் திரையின் எண் தோலிலிருந்து விலகிப்போவது முக்கியமாக இங்கேதான். டியூபிலிருந்து அந்தக் கற்பனைப் புள்ளி சுமார் 60 சென்டிமீட்டர். மேசையை உயர்த்தியிருந்ததால் நம் நோயாளியின் முதுகு 65 சென்டிமீட்டரில் இருக்கிறது. தூரம் கூடினால் கதிர் அதன் வர்க்கத்தில் குறையும்: 60ஐ 65ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 0.85. மேசைப் பலகையும் மெத்தையும் கொஞ்சம் உறிஞ்சும், அதற்கு 0.8. உடலுக்குள் போன கதிரில் ஒரு பங்கு திரும்பிச் சிதறித் தோலிலேயே விழும், அதற்கு 1.3. நான்கையும் பெருக்கினால், 4.2 × 0.85 × 0.8 × 1.3, சுமார் 3.7 கிரே. இது முழுவதும் ஒரே இடத்தில் விழவில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஒரு கோணத்தில், மீதி மற்ற கோணங்களில். அப்படியானால் அதிகம் பட்ட இடத்தில் சுமார் 2.5 கிரே.

இப்போது இதே சிகிச்சையைக் குட்டையான டாக்டர் ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசதிக்காக மேசையைத் தாழ்த்துகிறார். முதுகு 55 சென்டிமீட்டருக்கு வந்துவிட்டது. முழு நேரமும் ஒரே கோணம். திரையில் அதே 4.2 கிரே. தோலிலோ, 0.85க்குப் பதில் 1.19 போட்டால், 5.2 கிரே. எண் ஒன்று, தோலில் இரண்டு மடங்கு வித்தியாசம். இதற்கு மேல், திரையில் காட்டும் எண்ணே உண்மையிலிருந்து 35 சதவீதம் வரை விலகலாம் என்று சர்வதேசத் தரம் அனுமதிக்கிறது. இந்தக் கணக்கைப் போடுவது மெடிக்கல் பிசிசிஸ்டின் வேலை. ஆனால் மேசை உயரமும் கோணமும் யாராவது குறித்து வைத்திருந்தால்தான் அவரால் போட முடியும். புதிய இயந்திரங்கள் ஒவ்வொரு முறை பெடல் அழுத்தியதையும் கோணத்தோடு டோஸ் ரிப்போர்ட்டாகச் சேமித்து அனுப்பும். பழைய இயந்திரத்தில் கையால் எழுதினால்தான் உண்டு.

2.5க்கும் 5.2க்கும் என்ன வித்தியாசம்? ஒரே தடவையில் தோலில் 2 கிரேக்குக் கீழே விழுந்தால் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் எதிர்பார்க்க வேண்டியதில்லை. 2 முதல் 5 வரை லேசான சிவப்பு வந்து போகலாம். 5 முதல் 10 வரை சிவப்பு சில வாரம் இருக்கும், அந்த இடத்து முடி உதிரும். 15க்கு மேல் போனால் ஆறாத புண், அறுவை சிகிச்சை வரை போகலாம். சிவப்பு அன்றே நிலைப்பதில்லை. பத்து நாள், இரண்டு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். கடுமையான புண் மாதக்கணக்கில் தாமதித்தும் வரும்.

அதற்குள் நோயாளி ஊருக்குப் போயிருப்பார். முதுகில், வலது தோள்பட்டை எலும்புக்குக் கீழே, கரைகள் நேராக வெட்டியது போல ஒரு சிவந்த சதுரம். தனக்குத் தெரியாது, வீட்டில் யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு. பக்கத்து ஊர் தோல் டாக்டரிடம் போவார். இதயத்துக்குச் சிகிச்சை எடுத்ததை முதுகு அரிப்போடு சேர்த்து யோசிக்க அவருக்குத் தோன்றாது. டாக்டர் அலர்ஜி என்றோ படர்தாமரை என்றோ களிம்பு கொடுப்பார். சரியாகவில்லையென்றால் சதை எடுத்துச் சோதிக்கச் சொல்வார். கதிர் பட்ட தோலில் அப்படி வெட்டினால் ஆறாத புண்ணாகிவிடும் அபாயம் உண்டு. இதைத் தடுக்க பெரிய உபகரணம் தேவையில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் டோஸை எழுதி, "இரண்டு வாரம் கழித்து முதுகைப் பாருங்கள், சிவந்திருந்தால் எங்களுக்கு போன் செய்யுங்கள்" என்று தமிழில் ஒரு வரி இருந்தால் போதும். வலது தமனிக்கு சி-ஆர்மைப் பெரும்பாலும் இடது பக்கம் சாய்த்து வைப்பார்கள். டிடெக்டர் இடது மார்புக்கு மேலே போனால் டியூப் வலது முதுகுக்கு அடியில் வரும். எந்த இடத்தைப் பார்க்கச் சொல்வது என்பது இந்தக் கோணத்திலிருந்து வருகிறது.

இனி ஊழியர்கள் பக்கம். அறையில் நிற்பவர்களுக்குக் கதிர் டியூபிலிருந்து நேராக வருவதில்லை, நோயாளியின் உடலிலிருந்து சிதறி வருகிறது. நோயாளிக்கு விழுவதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மீட்டர் தூரத்தில் சிதறும் என்பது பழைய கைக்கணக்கு. பெரிய பரப்பில் கதிர் விழும்போது அது, கேத் லேபின் குறுகிய கதிருக்கு இன்னும் குறைவு. அதிகபட்சமாக வைத்துக்கொண்டால்கூட, 4.2 கிரே சிகிச்சையில் ஒரு மீட்டரில் 4.2 மில்லிகிரே. இரண்டு மீட்டர் தள்ளினால் கால் பங்கு. 0.5 மில்லிமீட்டர் ஈயத்துக்குச் சமமான ஏப்ரன் அதில் 95 சதவீதத்துக்கு மேல் தடுத்துவிடும். சினி எடுக்கும்போது கையில் வேலையில்லாதவர் ஓரடி பின்னால் போவது சோம்பல் ஆகாது. சிதறல் அதிகம் வருவது கதிர் உள்ளே நுழையும் பக்கத்தில், டியூப் இருக்கும் பக்கத்தில். சி-ஆர்மை இடது பக்கம் சாய்த்தால் டியூப் வலது பக்கம் வருகிறது, டாக்டரும் உதவியாளரும் நிற்பதும் அங்கேதான். அந்தக் கோணத்தில் மேலிருந்து தொங்கும் ஈயக் கண்ணாடியை இழுத்து வைக்கவில்லையென்றால் முகத்துக்கு நேராக வரும்.

இதை அளக்கத்தான் டிஎல்டி பேட்ஜ். இந்தியாவில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பியின் விதிப்படி கதிர் வேலை செய்பவர் இதை அணிய வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி எடுக்கிறார்கள். உள்ளே ஒரு அட்டையில் மூன்று சிறு வட்டத் தகடுகள், டிஸ்ப்ரோசியம் சேர்த்த கால்சியம் சல்பேட்டை டெஃப்லானோடு கலந்து செய்தவை. கதிர் பட்டால் அந்த ஆற்றலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆய்வகத்தில் சூடாக்கினால் அதை ஒளியாக வெளியிடும், ஒளியின் அளவு டோஸைச் சொல்லும். ஒரு தகட்டுக்கு மேலே உலோக வடிகட்டி, ஒன்றுக்கு பிளாஸ்டிக், ஒன்று திறந்தபடி. மூன்று தகடுகளும் காட்டும் ஒளியை ஒப்பிட்டு வந்தது எந்த வகைக் கதிர் என்று கண்டுபிடிக்கிறார்கள். அதனால் அட்டையை உறையிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாலோ, உறைக்குள் மாற்றி வைத்தாலோ ஒப்பீடு குலைந்துபோகும்.

பேட்ஜை மார்பு உயரத்தில், ஏப்ரனுக்கு உள்ளே அணிவது இங்குள்ள முறை. ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட், ஐந்தாண்டுச் சராசரியாக. எந்த ஒரு ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது என்பது ஏஇஆர்பி வரம்பு. ஏப்ரனுக்குள் இருக்கும் பேட்ஜ் அதன் பக்கத்தில் போவதே அரிது. அது நல்ல செய்திதான். ஆனால் ஏப்ரன் மறைக்காத இடம் ஒன்று இருக்கிறது: கண். அதற்குக் கழுத்தில், ஏப்ரனுக்கு வெளியே இரண்டாவது பேட்ஜ் வேண்டும். பல மருத்துவமனைகளில் அது இல்லை.

இரண்டு பேட்ஜ் அணியும் ஓர் உதவியாளரின் மூன்று மாத முடிவை எடுத்துக்கொள்வோம். உள்ளே 0.2 மில்லிசீவர்ட், கழுத்தில் 4. உடல் முழுவதற்குமான டோஸுக்கு என்சிஆர்பி தரும் சூத்திரம் உள் எண்ணில் பாதியையும் வெளி எண்ணில் 0.025 பங்கையும் கூட்டுவது. 0.1 கூட்டல் 0.1, ஆக 0.2. ஆண்டுக்கு 0.8. வரம்பில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். கண்ணுக்கோ கழுத்துப் பேட்ஜின் எண்ணே ஏறத்தாழப் பொருந்தும்: ஆண்டுக்கு 16. சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் கண்ணின் லென்ஸுக்குப் பரிந்துரைத்த வரம்பு, ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20. அதுவரை ஆண்டுக்கு 150 என்று இருந்ததைக் கண்புரை பற்றிய புதிய ஆய்வுகளைப் பார்த்துக் குறைத்தார்கள். அதே ஆள், அதே வேலை. உள் பேட்ஜ் ஒன்று மட்டும் இருந்திருந்தால் ரிப்போர்ட் எல்லாம் சரி என்றுதான் சொல்லியிருக்கும். ஈயக் கண்ணாடி அணிந்தால் கண்ணுக்குப் போவது பல மடங்கு குறையும், ஆனால் பக்கவாட்டிலும் மறைப்பு இருக்க வேண்டும். திரையைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது சிதறல் வருவது பக்கத்திலிருந்து.

பேட்ஜ் பொய் சொல்லும் விதங்கள் புதிதாக வருபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அணிந்தவர் வீட்டுக்குப் போன பிறகும் ஏப்ரனோடு சேர்ந்து கேத் லேபுக்குள்ளேயே தொங்கினால் அடுத்தவர் கேஸ் எல்லாம் இவர் கணக்கில் ஏறும். கட்டுப்பாட்டுக்கென்று வைத்திருக்கும் கன்ட்ரோல் பேட்ஜைக் கதிர் அறையிலேயே வைத்துவிட்டால், அதைக் கழித்துத்தான் மற்றவர் கணக்கு வருகிறது என்பதால் எல்லோருடைய எண்ணும் குறைந்து காட்டும். இதைவிட மோசமானது மேசை இழுப்பறைக்குள் இருக்கும் பேட்ஜ். டோஸ் அதிகம் காட்டினால் வேலையிலிருந்து தள்ளி வைப்பார்களோ என்று பயந்து சிலர் அணிவதே இல்லை. கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒரே லேபில் ஒரே எண்ணிக்கை கேஸ் செய்த இருவரில் ஒருவருக்கு 0.4, இன்னொருவருக்கு மூன்று மாதமும் பூஜ்யம் என்றால், பூஜ்யம்காரரைத்தான் கேள்வி கேட்க வேண்டும். அந்தக் காலாண்டின் மொத்த டிஏபியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். டிஏபி இரண்டு மடங்கான காலாண்டில் பேட்ஜ் எண் மாறவே இல்லையென்றால் ஏதோ சரியில்லை. இதைக் கேட்க வேண்டியவர் மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி, ஆர்எஸ்ஓ.

பேட்ஜ் எண் வந்து சேர மாதக்கணக்காகும். அதற்குள் எந்தக் கேஸில் என்ன நடந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. சில லேபுகளில் உடனடி அளவிகள் இருக்கின்றன. பாக்கெட்டில் மாட்டிக்கொண்டால் ஒவ்வொருவரின் டோஸும் அறையில் ஒரு சிறு திரையில் நிறப் பட்டையாக ஏறி இறங்கும். ஈயக் கண்ணாடியை இழுத்ததும் பட்டை தாழ்வதைக் கண்ணால் பார்த்தவர் அதற்கப்புறம் மறக்காமல் இழுக்கிறார். ஆனால் சட்டப்படிக் கணக்கு டிஎல்டிதான், பட்டைக்காக அதைக் கழற்ற முடியாது.

நம் 92 கிலோ நோயாளிக்கு வருவோம். ஆறு வாரம் கழித்து இன்னொரு தமனிக்காகத் திரும்ப வருகிறார். முதுகுத் தோல் முன்பு பட்டதை முற்றிலும் மறந்திருக்காது, ஒரே இடத்தில் மறுபடி விழுந்தால் கூடும். ரெஜிஸ்டரில் பழைய பக்கத்தை எடுத்தால் 4.2 கிரே, இடது சாய்வு, மேசை உயரம் எல்லாம் இருக்கிறது. டெக்னாலஜிஸ்ட் அதை டாக்டரிடம் காட்டுகிறார். முதுகைத் திருப்பிப் பார்க்கிறார்கள், சிவப்பு எதுவும் இல்லை. இந்தத் தடவை முடிந்தவரை வலது சாய்வில் வேலை செய்வது, இடது சாய்வு தேவைப்பட்டால் கொலிமேட்டரை இன்னும் குறுக்கி, கோணத்தைப் பத்துப் பதினைந்து டிகிரி நகர்த்தி, பழைய சதுரமும் புதிய சதுரமும் ஒன்றின் மேல் ஒன்று விழாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவாகிறது. முதல் அறிவிப்பு 3 கிரேயில் வேண்டாம், 2இலேயே சொல்லிவிடு என்கிறார் டாக்டர். அந்தப் பெண் அதை மார்க்கரால் கண்ட்ரோல் ரூம் கண்ணாடியில் எழுதி வைக்கிறாள்.